சுவருக்குள் ஒரு சார்ஜர்

புது வீட்டில் ஒயரிங் வேலை நடக்கும்போது எலக்ட்ரீஷியன் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது: "கட்டில் பக்கத்துல ஒரு யுஎஸ்பி பாயின்ட் வெச்சிடலாமா சார்? அடாப்டர் தேவையில்ல, நேரா வயரை சொருகிக்கலாம்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அடாப்டர் தொலையாது. ஊருக்குப் போகும்போது யார் அதை எடுத்துப் போனது என்ற சண்டை வராது. பார்க்கவும் அழகு. சரி என்று தலையாட்டிவிடுகிறோம். ஹாலில் ஒன்று, படுக்கையறைக்கு இரண்டிரண்டு, பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கு ஒன்று என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

குடிவந்து சில மாதங்கள் போனதும் குறைகள் தெரிகின்றன. கடையில் வாங்கியபோது அரை மணி நேரத்தில் ஏறிய ஃபோன் இங்கே மூன்று மணி நேரம் எடுக்கிறது. இரண்டு ஃபோனை ஒன்றாகச் சொருகினால் இரண்டும் நத்தையாகிவிடுகின்றன. லேப்டாப்பில் வயரைச் சொருகினால் ஒன்றுமே நடப்பதில்லை. பாயின்ட் கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அது கெட்டுப்போயிருக்காது. அதனால் முடிந்ததே அவ்வளவுதான். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை.

அது பிளக் பாயின்ட் அல்ல

வழக்கமான 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டுக்குள் அதிகமாக எதுவும் இல்லை. மூன்று பித்தளைப் பிடிகளும், வயரை முடுக்க மூன்று ஸ்க்ரூக்களும் இருக்கும். சுவரில் வரும் 230 வோல்ட்டை அப்படியே கைமாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஒழுங்காகச் செய்யப்பட்ட பிளக் பாயின்ட் இருபது, முப்பது வருடம் தாராளமாக உழைக்கும். பழைய வீடுகளில் அதற்கும் மேலே உழைப்பவை உண்டு.

யுஎஸ்பி பாயின்ட்டின் கதை வேறு. வெளியே தெரிவது ஒரு சின்ன துளை. அதன் பின்னால், தீப்பெட்டி அளவு இடத்தில், ஒரு முழு மொபைல் சார்ஜர் இருக்கிறது. வரும் ஏசி மின்சாரத்தை அது முதலில் டிசியாக மாற்றும். 230 வோல்ட் ஏசி அப்போது ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகும். அதை ஒரு மின்னணு ஸ்விட்ச் நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் வருவதைச் சமப்படுத்தி 5 வோல்ட்டாக வெளியே கொடுக்கும். 325 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் நம் கை படும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில்தான் இடைவெளி.

ஆகவே யுஎஸ்பி பாயின்ட் வைப்பது என்றால் ஒரு சார்ஜரைக் கவரை விட்டு வெளியே எடுத்துச் சுவருக்குள் நிரந்தரமாகக் குடிவைப்பது என்று பொருள். அது எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு சூடாகும், எத்தனை நாள் உழைக்கும், கெட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

2.1 ஆம்பியரில் எவ்வளவு கிடைக்கும்?

நம்மூர்க் கடைகளில் அதிகம் காணப்படும் யுஎஸ்பி மாட்யூலில் "2.1 ஆம்பியர்" என்று போட்டிருக்கும். அகலமான பழைய ஏ வகைத் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அது கொடுப்பது 5 வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்: ஐந்தும் இரண்டு புள்ளி ஒன்றும் சேர்ந்து 10.5 வாட். அதன் உச்ச சக்தியே இவ்வளவுதான்.

இரண்டு துளை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 10.5 வாட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாட்யூல்களில் 2.1 ஆம்பியர் என்பது இரண்டுக்கும் சேர்த்த மொத்தக் கணக்கு. மாட்யூலின் முதுகிலோ, பெட்டியின் ஓரத்திலோ பொடி எழுத்தில் "மொத்தம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைவிட இந்தப் பொடி எழுத்துதான் முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்றைய நடுத்தர ஆண்ட்ராய்டு ஃபோனில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நிறைவது ஏறக்குறைய 19 வாட் மணி மின்சாரம். வழியிலும் ஃபோனுக்குள்ளும் சூடாக வீணாவதைச் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 23 வாட் மணி வர வேண்டும். 10.5 வாட் பாயின்ட் அதைக் கொடுக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். பேட்டரி நிரம்பும் கட்டத்தில், கடைசி இருபது சதவீதத்தில், ஃபோன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் சேர்த்தால் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம்.

இப்போது கணவர் ஃபோனும் மனைவி ஃபோனும் ஒரே மாட்யூலில் ஏறுகின்றன. ஆளுக்கு ஐந்து வாட் சொச்சம். ஒவ்வொரு ஃபோனும் நிரம்ப ஐந்து மணி நேரம் வரை ஆகலாம். இரவு பத்து மணிக்குச் சொருகிவிட்டுக் காலை ஆறு மணிக்கு எடுப்பவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. மெதுவாக ஏறினால் பேட்டரி அதிகம் சூடாகாது என்பதால் நல்லதும்கூட. ஆஃபீஸ் கிளம்பும் முன் குளித்துவிட்டு வருவதற்குள் பாதியாவது ஏற வேண்டும் என்பவருக்கு இது உதவாது.

இதில் ஃபோனோடு வரும் வயரும் புகுந்து விளையாடும். கட்டிலிலிருந்து எட்டவேண்டும் என்று இரண்டு மீட்டர் நீள வயரைத் தெருவோரக் கடையில் வாங்குகிறோம். உள்ளே செம்புக் கம்பி மெல்லியதாக இருந்தால், போக வர நான்கு மீட்டர் கம்பியின் மின்தடை முக்கால் ஓமுக்கு மேலேயே போகும். ஒரு ஆம்பியர் ஓடினாலே முக்கால் வோல்ட் வழியில் காணாமல் போய்விடும். வருவதே 5 வோல்ட். வோல்டேஜ் இறங்குவதைக் கண்ட ஃபோன் இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு ஆம்பியர்கூட உள்ளே போகாது. பாயின்ட்டைக் குறை சொல்லும் முன் குட்டையான, தடித்த, நல்ல வயர் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சி துளை வந்த பிறகு

2014இல் வெளியான சி வகை யுஎஸ்பி இன்று கிட்டத்தட்ட எல்லா ஃபோன்களுக்கும் வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனமும் 2023இல் ஐஃபோன் 15இலிருந்து அதற்கு மாறிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து விற்பனைக்கு வரும் புது ஃபோன்களுக்குச் சி துளை கட்டாயம். சுவர் மாட்யூல்களும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் சி துளை இருப்பதாலேயே வேகமாக ஏறும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. துளையின் வடிவம் வேறு, பின்னால் இருக்கும் சார்ஜரின் திறமை வேறு. பழைய 5 வோல்ட் சர்க்யூட்டுக்கே சி துளை மாட்டி விற்பதும் நடக்கிறது.

வேகத்துக்குக் காரணம் "பவர் டெலிவரி" என்ற முறை. சுருக்கமாக "பிடி" என்பார்கள். ஃபோனைச் சொருகியதும் ஃபோனும் சார்ஜரும் வயர் வழியாகப் பேசிக்கொள்ளும். "என்னால் 5 வோல்ட் தர முடியும், 9 வோல்ட்டும் தர முடியும்" என்று சார்ஜர் தன் பட்டியலைச் சொல்லும். "9 வோல்ட் கொடு" என்று ஃபோன் கேட்கும். அதன் பிறகே வோல்டேஜ் ஏறும். 9 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் ஓடினால் 20 வாட். அதே மின்சாரத்தைக் கூடுதல் வோல்டேஜில் அனுப்புவதால் வயரில் வீணாவதும் விகிதத்தில் குறைந்துவிடும். மேலே பார்த்த 5,000 மில்லி ஆம்பியர் மணி ஃபோன், 20 வாட் பிடி பாயின்ட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

பிடி மாட்யூல் வாங்கினாலும் மூன்று இடங்களில் ஏமாற்றம் காத்திருக்கலாம்.

முதலாவது, இங்கேயும் பங்கு பிரியும். ஒரு சி துளையும் ஒரு ஏ துளையும் கொண்ட 20 வாட் மாட்யூலில், ஒரே ஒரு ஃபோனைச் சொருகும்வரைதான் 20 வாட். இரண்டாவது ஃபோனைச் சொருகியதும் பல மாட்யூல்கள் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். முதல் ஃபோனில் சார்ஜிங் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்குவதை நீங்களே பார்க்கலாம். பழுது என்று பயப்பட வேண்டாம். பங்கு போடுவதற்காக அது பேச்சை முதலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது, ஃபோன் நிறுவனங்கள் தனியாக வைத்திருக்கும் வேகமுறைகள். 67 வாட், 80 வாட், 120 வாட் என்று விளம்பரம் வரும் ஃபோன்களில் பல, தங்கள் பெட்டியோடு வரும் அடாப்டருடனும் வயருடனும் சேர்ந்தால் மட்டுமே அந்த வேகத்தைத் தொடும். சுவரில் இருக்கும் பொதுவான பாயின்ட்டில் சொருகினால் மாடலைப் பொறுத்துப் பத்து வாட்டோ, பதினெட்டு வாட்டோ எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்குப் பிடி மட்டும் போதாது. வோல்டேஜைச் சிறு சிறு படிகளாக மாற்றித்தரும் "பிபிஎஸ்" என்ற வசதியும் மாட்யூலில் இருக்க வேண்டும். அது இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லேப்டாப். வழக்கமான லேப்டாப்புக்கு 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட் வேண்டும். 20 வாட் பாயின்ட்டில் 20 வோல்ட்டே இருக்காது. சில லேப்டாப்கள் "சார்ஜர் போதவில்லை" என்று திரையில் சொல்லிவிட்டு மெல்ல ஏற்றிக்கொள்ளும். சில திரும்பிக்கூடப் பார்க்காது. 65 வாட் சுவர் மாட்யூல்களும் சந்தையில் உண்டு. ஆனால் அவை சூட்டை எப்படிச் சமாளிக்கின்றன என்பது தனிக் கேள்வி.

சூடு எங்கே போகும்?

எந்தச் சார்ஜரும் உள்ளே வரும் மின்சாரம் முழுவதையும் வெளியே கொடுத்துவிடாது. 85 சதவீதத் திறன் உள்ள 20 வாட் மாட்யூல் முழுச் சுமையில் ஓடும்போது சுவரிலிருந்து 23.5 வாட் இழுக்கும். மிச்சம் மூன்றரை வாட் சூடாக அங்கேயே தங்கும். மூன்றரை வாட் பெரிய அளவு இல்லை. ஆனால் வெளியே மாட்டும் அடாப்டருக்குச் சுற்றிலும் காற்று இருக்கிறது. சுவர் மாட்யூலுக்கு முன்னால் பிளாஸ்டிக் பிளேட், பின்னால் இரும்பு அல்லது பிவிசி பெட்டி, அதைச் சுற்றிச் சிமென்ட் பூச்சு. பெட்டிக்குள் ஏற்கெனவே ஐந்தாறு ஸ்விட்ச்களின் வயர்கள் அடைந்து கிடக்கும். மே மாத வெயிலில் மேற்குப் பார்த்த சுவரே கைவைக்க முடியாமல் கொதிக்கும். அதற்குள்தான் இந்தச் சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது.

சூட்டில் முதலில் சாவது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். வோல்டேஜைச் சமப்படுத்த வைத்திருக்கும் சின்ன உருளை அது. உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வறண்டுபோகும். அதன் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட சாதாரணக் கெப்பாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்கும். தினம் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் ஐந்தரை வருடம். அதே கெப்பாசிட்டர் நெருக்கமான பெட்டிக்குள் 85 டிகிரிக்குப் போனால் மூன்று வருடம்கூட முழுசாக வராது. நல்ல தயாரிப்பாளர்கள் 5,000 மணி, 10,000 மணி நேரக் கெப்பாசிட்டர்களைப் போடுவார்கள். மாட்யூல் அளவுக்கு மீறிச் சூடானால் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் வைப்பார்கள். மலிவுச் சரக்கில் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் சின்ன இடத்தில் பெரிய வாட் என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. சிறிய மாட்யூலில் அதிகச் சக்தியை அடைத்தால் ஒன்று சூடு கூடும், இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுவரில் நாள்தோறும் 65 வாட் லேப்டாப் ஏற்றுவதைவிட, லேப்டாப்புக்கு அதன் அடாப்டரையே பயன்படுத்துவது நல்லது.

தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

சார்ஜரின் தரத்தில் வேகம் இரண்டாம் பட்சம். முதல் கேள்வி 230 வோல்ட் நம் கைக்கு வராமல் இருக்குமா என்பது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இரண்டு சுருள்களுக்கு நடுவே தரமான காப்பு இருக்க வேண்டும். சர்க்யூட் போர்டில் இரண்டு பக்கங்களுக்கும் இடையே போதிய இடைவெளி விட வேண்டும். போர்டில் தேவைப்படும் இடங்களில் வெட்டுப் பள்ளமும் போடுவார்கள். இரண்டு பக்கங்களையும் இணைத்தபடி "ஒய்" வகைக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். மின் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி அதைச் சிறப்பாகச் செய்திருப்பார்கள்.

வெறுங்காலோடு தரையில் நின்று சார்ஜில் இருக்கும் ஃபோனின் உலோக விளிம்பை வருடும்போது மெல்லிய அதிர்வு ஒன்று தெரியும். அது பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு. அளவோடு இருந்தால் ஆபத்தில்லை. மலிவுச் சரக்கில் அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுவிடுவார்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக ஃபோனின் உடம்புக்கு வந்துவிடும். சுரீரென்று இழுக்கும் அளவுக்கு ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு அந்த மாட்யூலை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

கடையில் நின்று டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பார்க்க முடியாது. முத்திரையைப் பார்க்கலாம். இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஸ்விட்ச்சிலும் பிளக் பாயின்ட்டிலும் நாம் பார்க்கும் ஐஎஸ்ஐ முத்திரை அந்த ஸ்விட்ச்சுக்கும் பாயின்ட்டுக்கும் உரியது. பக்கத்தில் இருக்கும் யுஎஸ்பி மாட்யூலின் மின்னணுப் பகுதிக்கு அது சாட்சி சொல்லாது. அடாப்டர் போன்ற மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனிப் பதிவு எண் கொடுக்கிறது. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் வரும். மாட்யூலிலோ பெட்டியிலோ அந்த எண் இருந்தால், அமைவனத்தின் "பிஐஎஸ் கேர்" செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும். எண் ஒரு பொருளுக்கும் பெட்டி வேறு பொருளுக்கும் இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்திய பிறகும் அது தன் குணத்தைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்ட பின் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு இயல்பில்லை. இரவு அமைதியில் சுவரிலிருந்து மெல்லிய "கீ" சத்தம் கேட்டு, அது நாளாக நாளாகக் கூடினால் உள்ளே ஏதோ தளர்கிறது என்று பொருள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஃபோன் திரை தானாகத் துள்ளினால், தொட்ட இடம் ஒன்றும் திறப்பது ஒன்றுமாக இருந்தால், மின்சாரம் சரியாகச் சமப்படவில்லை. பிளேட்டின் வெள்ளை நிறம் துளையைச் சுற்றிப் பழுப்பேறினாலோ, கருகிய வாடை வந்தாலோ இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

அளந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சின்ன யுஎஸ்பி மீட்டர்கள் கிடைக்கின்றன. துளைக்கும் வயருக்கும் நடுவே சொருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும். பேட்டரி முப்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, திரையை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது அளந்தால் எந்தப் பாயின்ட்டும் சோம்பேறியாகத்தான் தெரியும். 2.1 ஆம்பியர் மாட்யூலில் ஒன்றே முக்கால் ஆம்பியர் ஓடும்போதும் வோல்டேஜ் 4.75க்குக் கீழே இறங்காமல் நின்றால் அது வாக்குத் தவறாத சரக்கு.

பொருத்தும்போது கேட்க வேண்டியவை

முதலில், யுஎஸ்பி மாட்யூலுக்கு ஒரு ஸ்விட்ச் வேண்டும். ஸ்விட்ச் இல்லாமல் நேராக ஃபேஸ் கொடுத்துவிட்டால் அது இருபத்து நான்கு மணி நேரமும் உயிரோடு இருக்கும். கரண்ட் பில்லுக்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மாட்யூல் சும்மா இருக்கும்போது 0.1 வாட் அளவே எடுக்கும். வருடம் முழுவதும் கூட்டினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. பயம் வேறு. இடி மின்னல் அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையிலும், கரண்ட் போய்த் திரும்பி வரும் கணத்திலும் லைனில் பாயும் வோல்டேஜ் எழுச்சியை முதலில் வாங்குவது இந்த மாதிரி மின்னணுச் சரக்குதான். அடாப்டரை மழை நாளில் உருவி வைத்துவிடலாம். சுவருக்குள் இருப்பதை உருவ முடியாது. ஸ்விட்ச் இருந்தால் அணைத்தாவது வைக்கலாம்.

அடுத்தது, பிளக் பாயின்ட்டோடு ஒட்டிப் பிறந்த யுஎஸ்பி வேண்டாம். தனி மாட்யூலாக இருக்கட்டும். ஒட்டிய வகையில் யுஎஸ்பி செத்தால் நன்றாக இருக்கும் பிளக் பாயின்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். நம்மூர் மாடுலர் போர்டுகளில் ஒரு வசதி உண்டு. மேல் பிளேட்டைக் கழற்றி, செத்த மாட்யூலை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் சொருகிவிடலாம். ஆனால் ஒரு கம்பெனி மாட்யூல் இன்னொரு கம்பெனி ஃபிரேமில் பெரும்பாலும் உட்காராது. ஒரே கம்பெனியிலும் வரிசை மாறினால் சேராமல் போகும். ஆகவே பல வருடமாகக் கடைகளில் கிடைத்துவரும் வரிசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பில்லையும் மாடல் எண்ணையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

மூன்றாவதாக, வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் மெகர் வைத்து ஒயரிங்கின் காப்பைச் சோதிப்பார் என்றால், அதற்கு முன்பு யுஎஸ்பி மாட்யூல்களைக் கழற்றிவிட வேண்டும். அந்தச் சோதனையில் 500 வோல்ட் டிசி செலுத்துவார்கள். மாட்யூல் இணைந்திருந்தால் அளவு தப்பாக வரும், மாட்யூலும் போய்விடலாம். பெயின்ட் வேலை, பூச்சு வேலை எல்லாம் முடிந்த பிறகே மாட்யூலைச் சொருகச் சொல்லுங்கள். துளைக்குள் போன சிமென்ட் தூசியைப் பிறகு எடுக்க முடியாது.

வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். சமையலறை சிங்க் பக்கம், துவைக்கும் இடம், பால்கனி ஆகியவை வேண்டாம். பிளக் பாயின்ட்டின் பித்தளைப் பிடி ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். யுஎஸ்பியின் மெல்லிய தொடுமுனைகள் தாங்காது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் அவை சீக்கிரம் பச்சை பூத்துவிடும். தரையோடு ஒட்டிய போர்டுகளில் எறும்பும் புகுந்துவிடும்.

குழந்தைகள் கம்பியை விட்டு நோண்டினால் என்ன ஆகும் என்ற கவலை பெற்றோருக்கு இருக்கும். ஒழுங்கான மாட்யூலில் ஏ துளையில் இருப்பது 5 வோல்ட்தான். சி துளையில் ஒரு சாதனம் சொருகப்பட்டதை உணரும்வரை வோல்டேஜே வராது. துளையை வளைத்துக் கெடுத்துவிடலாமே தவிர, அங்கே ஷாக் அடிக்காது. பக்கத்தில் இருக்கும் 230 வோல்ட் பிளக் பாயின்ட்டுக்குத்தான் மூடி தேவை.

அப்படியானால் வைக்கலாமா?

வைக்கலாம், அளவாக. சுவரும் சார்ஜரும் வயதில் ஒத்துப்போகாதவை. ஒரு ஒயரிங்கை இருபது வருடத்துக்கு என்று செய்கிறோம். சார்ஜர் முறையோ ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பத்து வருடம் முன்பு ஆசையாக வைத்த ஏ துளைப் பாயின்ட்டில் இன்றைய ஃபோன் பெட்டியில் வரும் இரண்டு பக்கமும் சி உள்ள வயரைச் சொருகவே முடியாது.

கட்டில் தலைமாட்டில் ஒன்று, ஹாலில் சோஃபா பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இரவு ஃபோன், காதில் மாட்டும் இயர்பட்ஸ், கைக்கடிகாரம், மேஜை விளக்கு போன்றவற்றுக்கு அது அருமையான துணை. இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் ஃபோன் ஏறிக்கொண்டிருக்கும். வாங்கினால் சி துளை உள்ள, 20 அல்லது 30 வாட் பிடி மாட்யூலாக வாங்குங்கள். 2.1 ஆம்பியர் மாட்யூலைப் புது வீட்டுக்கு வாங்குவதில் இனிப் பொருளில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்குச் செலவழிக்கவே வேண்டாம்.

மற்ற இடங்களில் அந்தப் பணத்துக்கு ஸ்விட்ச்சோடு கூடிய இன்னொரு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி மாட்யூல் ஒன்றின் விலையில் அப்படிப் பல பாயின்ட்கள் வாங்கலாம். அதில் இன்று 33 வாட் அடாப்டரைச் சொருகலாம், நாளை வரும் எதையும் சொருகலாம். அடாப்டர் கெட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், எலக்ட்ரீஷியனுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் ஒயரிங் பட்டியலில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், யுஎஸ்பி என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: மொத்தம் எத்தனை வாட், பதிவு எண் என்ன, எந்த ஸ்விட்ச்சில் அணையும். மூன்றுக்கும் விடை வராத வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.